உஷார்! ‘காஸ்மெடிக்’ என்று முத்திரை விழும் முன் படிவத்தைப் பாருங்கள்

புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்த பெண்ணுக்கு அதை மீண்டும் உருவாக்கித் தரும் அறுவை சிகிச்சை. தீக்காயம் ஆறிய பின் நெஞ்சோடு ஒட்டி இழுத்துக்கொண்ட கழுத்தை விடுவிக்கும் அறுவை சிகிச்சை. இவற்றுக்குக் காப்பீட்டில் பணம் கிடைக்க வேண்டும். பாலிசியிலேயே அதற்கு வழி எழுதப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும், ‘இது காஸ்மெடிக் சிகிச்சை, Excl08-இன்படி க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது’ என்று இரண்டே வரியில் கடிதம் வந்துவிடுகிறது.

கடிதத்தைப் பார்த்ததும் நிறுவனத்தின் மீது கோபம் வருவது இயல்பு. பல நேரங்களில் அந்தக் கடிதத்துக்கான காரணத்தை மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கே எழுதிக் கொடுத்திருக்கும். அட்மிஷன் அன்று அவசர அவசரமாக நிரப்பிய படிவத்தில் இரண்டு மூன்று வார்த்தைகள் தப்பாக விழுந்திருக்கும். கையெழுத்துப் போட்டது நீங்கள்தான், படித்திருக்க மாட்டீர்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பவர்கள் அதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

Excl08 உண்மையில் என்ன சொல்கிறது?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2019 செப்டம்பரில் மருத்துவக் காப்பீட்டு விலக்குகளுக்கெல்லாம் ஒரே மாதிரியான வாசகத்தையும் எண்ணையும் கொடுத்தது. அதில் காஸ்மெடிக், பிளாஸ்டிக் சர்ஜரிக்கான எண்தான் Excl08. உங்கள் பாலிசி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ‘விலக்குகள்’ பகுதியில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், இருக்கும்.

அந்த விலக்கின் சாரம் இதுதான். தோற்றத்தை மாற்றுவதற்காகச் செய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றைத் தொடர்ந்து செய்யும் மறுசீரமைப்பு என்றால் இந்த விலக்கு பொருந்தாது. அல்லது, உடல்நலத்துக்கு நேரடியாகவும் உடனடியாகவும் இருக்கிற ஆபத்தை நீக்குவதற்கு மருத்துவரீதியாகத் தேவையான சிகிச்சை என்றாலும் பொருந்தாது. மருத்துவத் தேவைதான் என்று சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்று தர வேண்டும்.

இங்கே ‘அல்லது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். விலக்கிலிருந்து வெளியே வர இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதல் வாசலில் கேட்கப்படுவது காரணம்: இந்தக் குறை புற்றுநோயால், தீக்காயத்தால், விபத்தால் வந்ததா? இரண்டாவது வாசலில் கேட்கப்படுவது ஆபத்து: செய்யாவிட்டால் உடல்நலம் உடனே கெடுமா? புற்றுநோயாளியும் தீக்காயம் பட்டவரும் முதல் வாசல் வழியாகவே போகலாம். உயிருக்கு ஆபத்து என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

தகராறு தொடங்குவது இந்த இடத்தில்தான். மறுப்புக் கடிதங்களில் இரண்டு வாசலையும் ஒன்றாகக் குழைத்துவிடுவார்கள். ‘நோயாளிக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை, எனவே இது காஸ்மெடிக்’ என்று எழுதுவார்கள். அது இரண்டாவது வாசலில் கேட்க வேண்டிய கேள்வி. முதல் வாசலில் நிற்பவரிடம் அதைக் கேட்பது சரியில்லை என்று நீங்கள் எதிர்வாதம் வைக்கலாம்.

நிறுவனத்தின் கையிலும் ஒரு வாதம் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்து பெறும் எந்தச் சிகிச்சையும் ‘மருத்துவரீதியாகத் தேவையானது’ என்ற பொது வரையறைக்குள் வர வேண்டும் என்று பாலிசி வேறோர் இடத்தில் சொல்கிறது. அதைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். அதனால் முதல் வாசல் வழியாகப் போகிறவர்களும் மருத்துவரின் சான்றை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

உங்களைப் பார்க்காமலே முடிவெடுப்பவர்

உங்கள் கோப்பைப் பரிசீலிக்கும் நிறுவன மருத்துவரோ டி.பி.ஏ. மருத்துவரோ உங்களை நேரில் பார்க்கப் போவதில்லை. அவருக்குக் காகிதம்தான் நோயாளி. அந்தக் காகிதத்தில் அவர் தேடுவது மூன்று விஷயங்களை: எதனால் வந்த குறை, இப்போது எதைச் சரிசெய்கிறார்கள், இரண்டுக்கும் நடுவே தொடர்பு அறுந்திருக்கிறதா.

கேஷ்லெஸ் விண்ணப்பத்தில் மருத்துவர் நிரப்பும் பகுதி ஒன்று உண்டு. நோயின் பெயர், அதற்கான ஐ.சி.டி.-10 குறியீடு, எவ்வளவு காலமாக இருக்கிறது, முந்தைய வரலாறு, செய்யப்போகும் அறுவையின் பெயர், காயம் என்றால் எப்படி ஏற்பட்டது என்று கட்டங்கள் இருக்கும். இவற்றில் குறியீட்டுக் கட்டம் சிறியதுதான், ஆனால் அதன் பாதிப்பு பெரியது.

Z41.1 என்று எழுதினால், தோற்றம் பிடிக்காமல் செய்துகொள்ளும் பிளாஸ்டிக் சர்ஜரி என்று பொருள். கோப்பு அங்கேயே விலக்குக்குள் விழுந்துவிடும். புற்றுநோய்க்காக மார்பை இழந்தவருக்கு எழுத வேண்டியவை Z90.1, Z85.3. முதலாவது, சிகிச்சையால் மார்பு இல்லாமல் போன நிலையைக் குறிப்பது. அடுத்தது, முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்ததைக் குறிப்பது. பழைய தீக்காயத்தின் பின்விளைவுகளுக்கு T95 வரிசை இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதி என்றால் T95.0. நீங்கள் மருத்துவம் படிக்க வேண்டாம். ‘டாக்டர், படிவத்தில் என்ன கோடு போட்டிருக்கிறீர்கள், அது என் கேன்சரைக் காட்டுகிறதா?’ என்று கேட்டால் போதும்.

ஒரு கோப்பு தோற்பதும் ஜெயிப்பதும்

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். மதுரைப் பக்கம் ஓர் ஆசிரியை, வயது 44 என்று வைத்துக்கொள்வோம். புற்றுநோய்க்காக இடது மார்பு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். கீமோ முடிந்தது, கதிர்வீச்சும் முடிந்தது. கதிர்வீச்சு பட்ட தோல் தேறுவதற்குச் சில மாதங்கள் பொறுக்க வேண்டும் என்று பிளாஸ்டிக் சர்ஜன் சொன்னார். ஓராண்டு கழித்து இப்போது ‘டீப் ஃப்ளாப்’ முறையில் மார்பை உருவாக்கத் திட்டம். அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயோடு எடுத்து, நெஞ்சில் வைத்து, அங்குள்ள ரத்தக் குழாயோடு மைக்ராஸ்கோப் உதவியால் தைப்பார்கள். பல மணி நேரம் பிடிக்கும் பெரிய அறுவை.

இதில் ஒரு சிக்கல். வயிற்றில் விழும் தழும்பு, தொப்பையைக் குறைக்கச் செய்யும் ‘டம்மி டக்’ அறுவையின் தழும்பு போலவே இருக்கும். அடுத்த கட்டத்தில் புதிய மார்பின் பள்ளங்களை நிரப்ப, தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். காகிதத்தில் அது ‘லைபோசக்ஷன்’ என்றே பெயர் பெறும். வலது மார்பைப் புதிய இடது மார்பின் உயரத்துக்கு ஈடாகத் தூக்கித் தைப்பார்கள். அதன் பெயர் ‘பிரெஸ்ட் லிஃப்ட்’. மூன்றுமே அழகு சிகிச்சை விளம்பரங்களில் வரும் பெயர்கள்.

முதல் படிவம் இப்படிப் போகிறது. நோய்: பிரெஸ்ட் டிஃபார்மிட்டி. அறுவை: பிரெஸ்ட் ரீகன்ஸ்ட்ரக்ஷன், டம்மி டக், லைபோசக்ஷன், ரைட் பிரெஸ்ட் லிஃப்ட். செலவு: பேக்கேஜ் 5,00,000 ரூபாய். எவ்வளவு காலமாக என்ற கட்டம் காலி. முந்தைய வரலாறும் காலி. இதைப் படிப்பவர் கண்ணுக்குப் புற்றுநோய் எங்கேயும் தென்படவில்லை. நான்கு அழகு சிகிச்சைகளும் ஒரு மொத்தத் தொகையும்தான் தெரிகின்றன. முழுவதையும் நிறுத்திவிடுவார்.

அதே நோயாளிக்கு, அதே சிகிச்சைக்கு, ஒரு பொய்கூடச் சேர்க்காமல் இன்னொரு படிவம் எழுதலாம். நோய்: இடது மார்பகப் புற்றுநோய்க்காக முழு மார்பு நீக்கம் செய்யப்பட்ட நிலை, Z90.1, Z85.3. வரலாறு: அறுவை நடந்த தேதி, பயாப்சி முடிவு, கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த தேதிகள், கதிர்வீச்சுக்காகவே மறுசீரமைப்பு தள்ளிவைக்கப்பட்டது என்ற குறிப்பு. அறுவை: இடது மார்பு மறுசீரமைப்பு, டீப் ஃப்ளாப், கட்டம் 1. வயிற்றைத் தைத்து மூடுவது தனி அறுவை அல்ல, திசு எடுத்த இடத்தை மூடும் வேலை. ஆகவே ‘டம்மி டக்’ என்ற பெயருக்கே அங்கு வேலையில்லை. செலவு: கட்டம் 1-க்கு 3,90,000 ரூபாய். சில மாதங்கள் கழித்து நடக்கும் கட்டம் 2-இல் கொழுப்பு நிரப்பலுக்கு 40,000, வலது மார்பைச் சமன்செய்ய 70,000 என்று தனித்தனி வரிகள்.

இப்படிப் பிரித்து எழுதுவதால் என்ன லாபம்? தகராறுக்குரியது வலது மார்பின் 70,000 மட்டும்தான் என்றாகிவிடுகிறது. பேக்கேஜாக எழுதினால் அந்த 70,000-க்கான சந்தேகம் மொத்த 5 லட்சத்தையும் பிடித்து நிறுத்தும்.

வலது மார்பு விஷயத்தில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. ‘அந்த மார்புக்குப் புற்றுநோய் வரவே இல்லையே’ என்று நிறுவனம் கேட்கும். அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு 1998-லேயே சட்டம் பதில் சொல்லிவிட்டது. மார்பு நீக்கத்துக்குப் பணம் தரும் குழுக் காப்பீடு, மறுசீரமைப்பின் எல்லாக் கட்டங்களுக்கும், மறு மார்பைச் சமன்செய்யும் அறுவைக்கும், செயற்கை மார்புக்கும் பணம் தர வேண்டும் என்று அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். நம் Excl08-இல் ‘புற்றுநோயைத் தொடர்ந்த மறுசீரமைப்பு’ என்பதோடு வாசகம் நின்றுவிடுகிறது. மறு மார்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு மார்பை மட்டும் உருவாக்கி விட்டால் மறுசீரமைப்பு பாதியில் நிற்கிறது என்று வாதாடலாம். அந்த வாதம் நிற்க வேண்டுமானால் ஒரு காகிதம் தேவை: முதல் கட்டத்துக்கு முன்பே சர்ஜன் எழுதிக் கையெழுத்திட்ட சிகிச்சைத் திட்டம். ‘இது இரண்டு கட்டங்களாக நடக்கும், இரண்டாவது கட்டத்தில் இவை செய்யப்படும்’ என்று அதில் தேதியோடு இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் புதிதாக எழுதினால், பிறகு தோன்றிய ஆசை என்றே வாசிப்பார்கள்.

‘கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணிடலாம்’

தீக்காயக் கோப்புகள் கவிழ்வது வேறோர் இடத்தில். ஆழமான தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கும். கழுத்தில் என்றால் தாடை நெஞ்சை நோக்கி இழுபடும், அண்ணாந்து பார்க்க முடியாது. கண்ணிமையில் என்றால் இமை வெளிப்புறம் திரும்பிக் கண் மூடாது, கருவிழி காய்ந்து பழுதாகும். வாயோரத்தில் என்றால் வாய் திறக்காது. மருத்துவர்கள் இதைக் ‘கான்ட்ராக்சர்’ என்பார்கள். இதை வெட்டி விடுவித்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டுவது மறுசீரமைப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் படிவத்தில் ‘ஸ்கார் ரிவிஷன்’ என்று எழுதிவிடுகிறார்கள். தழும்பைத் திருத்துவது என்று அதற்குப் பொருள். கன்னத்தில் இருக்கும் சின்னக் கோட்டுக்கும் அதே பெயர், கழுத்தையே இழுத்துப் பிடித்திருக்கும் தோலுக்கும் அதே பெயர். படிப்பவர் சின்னக் கோட்டைத்தான் கற்பனை செய்வார். ‘போஸ்ட் பர்ன் கான்ட்ராக்சர், கழுத்து’ என்று எழுதினால் தீயும் தெரியும், இழுப்பும் தெரியும். கூடவே அளவுகளும் வேண்டும்: கழுத்து எத்தனை டிகிரி பின்னால் சாய்கிறது, வாய் எத்தனை விரல் அகலம் திறக்கிறது, கண்ணை மூடச் சொன்னால் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சுகிறது. நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த புகைப்படங்கள், தேதியோடு. முதல் வாசல் வழியாகப் போவதற்கு இவை கட்டாயமில்லை. ஆனாலும் இவை இருக்கும் கோப்பைக் காஸ்மெடிக் என்று தள்ள எவருக்கும் கை கூசும்.

அடுத்த கண்ணி, ஓ.பி. சீட்டு. மகளைக் கூட்டிக்கொண்டு போகும் தாய், ‘வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம் டாக்டர், கல்யாணத்துக்கு முன்னாடி இதைப் பண்ணிடலாம்’ என்கிறார். மருத்துவர் கேட்டதை அப்படியே குறித்துக்கொள்கிறார்: ‘திருமணத்துக்கு முன் தழும்பை நீக்க விரும்புகிறார்’. க்ளெய்ம் பெரிய தொகை என்றால் நிறுவனத்தின் விசாரணையாளர் அந்தச் சீட்டையும் வாங்கிப் பார்ப்பார். மறுப்புக் கடிதத்தில் அந்த வரி மேற்கோளாகவே வரும். மருத்துவரிடம் பொய் சொல்லச் சொல்லவில்லை. கழுத்து திரும்பாதது, தூக்கத்தில் வலிப்பது, ஸ்கூட்டர் ஓட்டும்போது பக்கவாட்டில் பார்க்க முடியாதது எல்லாம் உண்மைதானே? அவற்றை முதலில் சொல்லுங்கள்.

தீக்காயம் எப்போது, எப்படி ஏற்பட்டது என்பதற்கும் சான்று கேட்பார்கள். முதன்முதலில் சேர்த்த மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டும் இருந்தால் கேள்வி அங்கேயே முடியும். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை போன்ற இடங்களின் தீக்காயப் பிரிவில் சிகிச்சை பெற்றவர்கள், பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் பழைய காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொலைந்திருந்தால் மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

பாலிசி அறுந்தால் எல்லாம் அறுந்தது

மறுசீரமைப்பு பெரும்பாலும் நோய்க்குப் பல மாதங்கள், சில நேரம் பல ஆண்டுகள் கழித்து நடக்கிறது. அந்த இடைவெளியில் பிரீமியம் கட்டாமல் விட்டுவிட்டுப் பிறகு புதுப் பாலிசி எடுத்தால், பழைய புற்றுநோயும் பழைய தீக்காயமும் ‘ஏற்கெனவே இருந்த நோய்’ கணக்கில் சேரலாம். அதற்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி அதிகபட்சம் 36 மாதங்கள். Excl08-ஐ நீங்கள் தாண்டினாலும் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வீர்கள். புற்றுநோய் வந்தவருக்குப் புதுப் பாலிசி கிடைப்பதே கஷ்டம் என்பது வேறு. ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதைத் தாண்ட விடாதீர்கள். நிறுவனம் மாற வேண்டுமென்றால் ‘போர்ட்டிங்’ முறையில் மாறுங்கள், பழைய காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். பழைய நோயை மட்டும் மறைக்காதீர்கள். மறைத்தது வெளியே வந்தால் பாலிசியே போய்விடும்.

எங்கே நிஜமாகவே கிடைக்காது?

சில இடங்களில் நிறுவனம் சொல்வது செல்லும். பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு இருப்பதால், புற்றுநோய் வருமுன்னே மார்பை நீக்கி மறுசீரமைப்பு செய்துகொள்பவருக்கு முதல் வாசல் திறக்காது, ஏனென்றால் புற்றுநோய் இன்னும் வரவில்லை. ‘நேரடி, உடனடி ஆபத்து’ என்ற இரண்டாவது வாசலில்தான் முட்ட வேண்டும். அது இறுக்கமான வாசல். இப்படிப்பட்டவர்கள் அறுவைக்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்காமல் படுக்கக் கூடாது.

வெளிப்புறமாக அணியும் சிலிக்கான் மார்பு, விக் போன்றவற்றுக்கு வழக்கமான பாலிசிகளில் பணம் வராது. தழும்புக்கு ஓ.பி.யில் செய்யும் லேசர் அமர்வுகளும் அப்படித்தான். அட்மிஷன் தேவைப்படாத சிகிச்சை என்பதால், காஸ்மெடிக்கா இல்லையா என்ற கேள்வி வருமுன்பே கதவு மூடிவிடும்.

மறுத்துவிட்டார்களா? வரிசையாகச் செய்யுங்கள்

கேஷ்லெஸ் மறுப்பு வேறு, க்ளெய்ம் மறுப்பு வேறு. கேஷ்லெஸ் கிடைக்காவிட்டாலும் பணம் கட்டி அறுவை முடித்துவிட்டு, பில்களைக் கொடுத்துத் திரும்பக் கேட்கும் உரிமை இருக்கிறது. இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் ‘ரிஜெக்ட் ஆயிடுச்சு’ என்று சொன்னதும் கோப்பை மூடிவிடாதீர்கள்.

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்த விதியின்படி என்று அதில் இருக்க வேண்டும். 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, நிறுவனத்துக்குள் உள்ள பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. அந்த ஒப்புதல் வாங்கப்பட்டதா என்று உங்கள் கடிதத்திலேயே கேளுங்கள். அடுத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். கடிதம் நீளமாக வேண்டாம். Excl08-இன் விதிவிலக்கு வரி, பயாப்சி முடிவு அல்லது ஏ.ஆர். காப்பி, சர்ஜனின் சான்று, ‘நான் முதல் வாசல் வழியாகக் கேட்கிறேன், உடனடி ஆபத்து என்ற நிபந்தனை எனக்குப் பொருந்தாது’ என்ற பொருளில் ஒரு பத்தி. அவ்வளவுதான். ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் புகாரைப் பதிந்துவிடுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனத்தின் இறுதி மறுப்பிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

இவ்வளவு தூரம் போகாமலே தப்பிக்க வழி இருக்கிறது. அட்மிஷனுக்கு முன் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் போய், அனுப்பப்போகும் படிவத்தின் நகலைக் கேளுங்கள். அதில் ஐந்தைப் பாருங்கள்:

- நோயின் பெயரிலேயே கேன்சரோ தீக்காயமோ இருக்கிறதா?
- குறியீடு அதையேதான் சொல்கிறதா?
- டம்மி டக், ஸ்கார் ரிவிஷன், லைபோசக்ஷன் என்று வெறும் பெயர்கள் விளக்கமில்லாமல் நிற்கின்றனவா?
- செலவு வரி வரியாகப் பிரிந்திருக்கிறதா?
- சர்ஜனின் சான்றும் கட்டத் திட்டமும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா?

ஒன்று குறைந்தாலும் டாக்டரிடம் திரும்பக் கொண்டுபோய்த் திருத்தி வாங்குங்கள். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல கையெழுத்துப் போடுங்க’ என்று சொன்னால், போடாதீர்கள்.